கதவுக்குள் உட்கார்ந்திருந்த ரேமண்ட்

கிள்ளானில் பழைய கார் விற்கும் ரேமண்ட் யாரையும் எளிதில் நம்பமாட்டார். இதை அவர் குறையாக நினைத்ததில்லை. தொழிலுக்கு வேண்டிய கருவியாகவே நினைக்கிறார். தச்சனுக்கு உளி எப்படியோ, அவருக்குச் சந்தேகம் அப்படி.

ஒரு கார் அவருடைய கொட்டகைக்குள் நுழைந்தால், முதலில் அவர் அதைப் பார்ப்பதில்லை, முகர்கிறார். முன்னிருக்கையின் கீழ் விரிப்பைத் தூக்கி, மூக்கை வைத்து, கண்ணை மூடிக்கொள்வார். வெள்ளத்தில் நின்ற வண்டி எத்தனை வாசனைத் திரவியம் தெளித்தாலும் அங்கே வந்து உண்மையைச் சொல்லிவிடும். பிறகு சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்துப் பார்ப்பார். நாம் யாரும் இழுக்காத அந்தக் கடைசிப் பகுதியில்தான் சேற்றின் கோடு ஒளிந்திருக்கும். பிறகு இன்ஜினுக்கு மேலுள்ள முன்மூடியின் திருகாணிகளில் சாயம் உரிந்திருக்கிறதா என்று பார்ப்பார். உரிந்திருந்தால் வண்டி எங்கேயோ மோதியிருக்கிறது. இத்தனையும் முடிந்த பிறகுதான் வண்டியின் சொந்தக்காரரிடம் "சாப்பிட்டீங்களா" என்று கேட்பார். அந்தக் கேள்வியிலும் ஒரு சோதனை இருக்கும் என்று சொல்பவர்கள் உண்டு.

வீட்டிலும் இதே நடைமுறைதான். மீன் வாங்கினால் செவுளைத் திறந்து பார்ப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ரேமண்ட் மீன்காரரின் தராசையும் பார்ப்பார், மீன்காரரின் கட்டைவிரலையும் பார்ப்பார். மாதா கோயிலில் பூசை முடிந்து கைகுலுக்கும் பாதிரியாரின் கையைக்கூட அவர் ஒரு கணம் கூடுதலாகப் பிடித்துக்கொள்வதாக அவர் மனைவி சாந்தமேரி சொல்வதுண்டு. இப்படிப்பட்ட மனிதரைச் சந்தேகப்பட ஒருவர் பிறந்து, வளர்ந்து, பிரிக்பீல்ட்ஸில் குடியிருக்கிறார் என்பது அவருக்கு அந்த வருடம்வரை தெரியாது.

அவர் பெயர் இராமலிங்கம். அரசாங்கத் தணிக்கையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர்களின் கணக்கில் தப்பு இருக்கும் என்று நம்புவதற்காகவே வாழ்நாளெல்லாம் சம்பளம் வாங்கியவர். ஓய்வு பெற்ற பிறகு சம்பளம் நின்றது, நம்பிக்கை நிற்கவில்லை. அவரிடம் கருநீல நிறத்தில் ஒரு கார் இருந்தது. வெயில் படாமல், மழை படாமல், ஏறக்குறைய சாலையே படாமல் வளர்ந்த கார். கண் மங்கத் தொடங்கியதும் அதை விற்றுவிட நினைத்தார். வீட்டிலேயே வைத்து விற்றால் மருமகன் குகன் "ஒரு ரவுண்டு போய்ட்டு வரேன் மாமா" என்று சாவியைக் கேட்பான். குகன் கேட்ட பொருள் எதுவும் முழுசாகத் திரும்பி வந்ததில்லை என்பது இராமலிங்கத்தின் தணிக்கை முடிவு.

ஆகவே காரை ரேமண்டின் கொட்டகையில் விட்டு, விற்றுத் தரச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். வாங்க வருபவர் உட்கார்ந்து பார்க்கலாம், இன்ஜினை உயிர்ப்பித்துக் கேட்கலாம். ஆனால் தான் நேரில் இல்லாமல் கார் சாலையைத் தொடக்கூடாது.

ரேமண்ட் விரிப்பை முகர்ந்தார். ஒன்றுமில்லை. பெல்ட்டை இழுத்தார். புதிதுபோல் இருந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு வண்டியிடம் தோற்றவராக நிமிர்ந்து, மாதாவின் பேரில் சத்தியம் செய்தார்.

இராமலிங்கம் சத்தியத்தை ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்ட கையோடு சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளைச் சுண்ணக்கட்டியை எடுத்து, குனிந்து, நான்கு டயர்களிலும் தரையைத் தொடும் இடத்தில் ஒரு கோடு கிழித்தார். அதற்கு நேராகச் சிமெண்டுத் தரையிலும் ஒரு கோடு. வண்டி அசைந்தால் இரண்டும் மறுபடி ஒருநாளும் நேராகச் சேராது. ரேமண்ட் இதைக் கண்டு கோபப்படவில்லை. இத்தனை வருடம் தொழில் செய்தும் இது தனக்குத் தோன்றவில்லையே என்று ஆழ்ந்த மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

கார் அங்கே நின்றது. நின்றுகொண்டே இருந்தது. யாரும் அதைக் கேட்டு வரவில்லை.

கொட்டகையின் இணைய விளம்பரங்களைக் கவனிப்பவள் புனிதா. முப்பதைத் தாண்டியவள், முன்பு ஒரு விளம்பரக் கம்பெனியில் இருந்தவள். காரணத்தை அவள் சொன்னாள். தகரக் கூரையின் கீழ் எடுத்த படத்தில் கார் படுத்துக்கிடக்கும் நோயாளிபோல் இருக்கிறதாம். மக்கள் காரை வாங்குவதில்லை, ஓட்டத்தைத்தான் வாங்குகிறார்களாம். ஆகவே ஒரு ரோலிங் ஷாட் வேண்டும் என்றாள். அதாவது பக்கத்தில் இன்னொரு கார் அதே வேகத்தில் ஓட, அதிலிருந்து கேமராவை நீட்டி எடுக்கும் படம். ஷட்டர் மெதுவாகத் திறந்து மூடும். அந்த இடைவெளியில் சாலை ஓடிவிடும், மரங்கள் ஓடிவிடும், அவை கோடு கோடாகக் கலங்கும். கேமராவோடு கூடவே ஓடுகிற கார் மட்டும் கலங்காமல் கத்திபோல் நிற்கும்.

ரேமண்ட் சத்தியத்தை நினைவுபடுத்தினார்.

"வண்டிய யாரு எடுக்கச் சொன்னா பாஸ்? நின்ன இடத்துலயே ஓட வைக்கலாம் லா. படத்தப் போட்டு எழுதிக் கொடுத்தா கம்ப்யூட்டரு வரையும்," என்றாள் புனிதா.

கம்ப்யூட்டரிடம் எழுதிக் கொடுத்து வேலை வாங்குவதும் வழக்கறிஞரிடம் எழுதிக் கொடுத்து வேலை வாங்குவதும் ரேமண்டுக்கு ஒன்றாகவே பட்டது. எழுதாமல் விட்டது நமக்கு எதிராகத் திரும்பும். ஆகவே அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் பின்னால் உட்கார்ந்தார்.

முதலில் காரைக் கழுவச் சொன்னார். பிறகு புனிதா கைப்பேசியில் அதை நிற்கும் நிலையிலேயே பக்கவாட்டில் ஒரு படம் எடுத்தாள். அதைக் கணினியில் ஏற்றி, பின்னணி மங்கலாக இருக்கட்டும், நெடுஞ்சாலையாக இருக்கட்டும் என்று எழுதினாள். வந்த படத்தில் கார் பனிமூட்டத்தில் வழிதவறி நின்றது. மங்கல் என்றால் போதாது, எந்தத் திசையில் மங்க வேண்டும் என்று சொல்ல வேண்டும் என்றாள். ஓடும் திசையிலேயே கோடாக இழு என்று திருத்தினாள். அடுத்த படத்தில் காரும் சேர்ந்து கோடாகிவிட்டது. அடுத்ததில் சாலை பறந்தது, கார் கூர்மையாக இருந்தது, ஆனால் சக்கரக் கம்பிகள் ஒவ்வொன்றும் எண்ணும்படி அசையாமல் நின்றன.

"இது ஓடுற வண்டி இல்ல. தவணை கட்டலன்னு இழுத்துட்டுப் போற வண்டி," என்று ரேமண்ட் தீர்ப்புச் சொன்னார்.

புனிதா பொறுமையாக முழுவதையும் புதிதாக எழுதினாள். கேமரா பக்கத்துக் காரில், அதே வேகத்தில், தாழ்வாக. ஷட்டர் விநாடியில் முப்பதில் ஒரு பங்கு. அருகிலுள்ள சாலை அதிகமாகக் கலங்க வேண்டும், தூரத்து மலை குறைவாக. சக்கரங்கள் சுழன்று கம்பிகள் வட்டமாகக் கலைய வேண்டும். வண்டியின் உடல் மட்டும் கூர்மை. ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம், வண்டி சாலையின் இடப்பக்கம்.

இந்த இடத்தில் ரேமண்டின் சந்தேகம் விழித்தது. கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்குக் காரை அழகாக்கிவிட்டால்? இல்லாத பளபளப்பைப் பூசிவிட்டால்? நாளை வாங்கியவன் வந்து சட்டையைப் பிடித்தால்? அவர் விரலை நீட்டி, ஒரு வரியைத் தன் முன்னாலேயே சேர்க்கச் சொன்னார். வண்டியின் உடம்பில் உள்ள எதையும், ஒரு கீறலைக்கூட, ஒரு மினுக்கத்தைக்கூட மாற்றக்கூடாது. புனிதா சேர்த்தாள். இந்த ஒரு வரியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஏனென்றால் ரேமண்ட் அதை மறந்துவிட்டார்.

வந்த படம் அபாரமாக இருந்தது. சாலை சாம்பல் நிற ஆறாக ஓட, கருநீலக் கார் அதில் அம்புபோல் நின்றது. ஒரே குறை, உள்ளே ஆள் இல்லை. ஆளில்லாமல் ஓடும் காரை வாங்குவதற்குக் கிள்ளானில் துணிவு போதாது என்று ரேமண்ட் கருதினார். ஓர் ஓட்டுநரைப் போடச் சொன்னார். கம்ப்யூட்டர் ஒருவனைப் போட்டுக் கொடுத்தது. கறுப்புக் கண்ணாடி, தடித்த மீசை, உதட்டோரத்தில் இலேசான சிரிப்பு.

படம் வெளியானது. அன்றைக்கே ரவாங்கில் தொழிற்சாலை மேற்பார்வையாளராக இருக்கும் விமலன் என்பவர் அழைத்து, சனிக்கிழமை நேரில் வருவதாகச் சொன்னார். ரேமண்ட் அந்தக் குரலைச் சந்தேகப்பட்டு, வேறொரு எண்ணிலிருந்து திரும்ப அழைத்து உறுதிசெய்துகொண்டார்.

சனிக்கிழமை முதலில் வந்தது விமலன் அல்ல. கோமுட்டர் ரயிலில் இறங்கி, குடையை ஊன்றிக்கொண்டு இராமலிங்கம் வந்தார். வணக்கம் சொல்லவில்லை. நேரே காரிடம் போனார், குனிந்தார், டயரைப் பார்த்தார். கோடு இல்லை. தரையைப் பார்த்தார். அங்கேயும் இல்லை. படத்துக்காகக் கழுவிய தண்ணீரோடு எல்லாக் கோடுகளும் கிள்ளான் ஆற்றுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன.

அவர் நிமிர்ந்தபோது முகத்தில் ஒருவித நிறைவு இருந்தது. சந்தேகம் பலித்தவனின் நிறைவு.

"படத்தப் பார்த்தேன் ரேமண்ட். ரோடு கலங்கியிருக்கு. காரு கலங்கல. அப்படின்னா எடுத்தவனும் பக்கத்துல அதே வேகத்துல ஓடியிருக்கான். ஆக ரெண்டு காரு, ரெண்டு டிரைவரு, கேமராவுக்கு ஒருத்தன். மூணு பேரு சேர்ந்து என் வண்டிய எடுத்துட்டுப் போயிருக்கீங்க," என்றார்.

பதிலுக்காக நிற்காமல் அடுத்த குற்றச்சாட்டை வைத்தார். ஓட்டுவது குகன். மீசை குகனுடையது. கறுப்புக் கண்ணாடி போன தீபாவளிக்குத் தானே குகனுக்கு வாங்கிக் கொடுத்தது. அந்தச் சிரிப்பு, சாவி கிடைத்துவிட்டால் குகன் சிரிக்கும் சிரிப்பு. கூப்பிட்டுக் கேட்டதற்கு, வேலையில் இருந்தேன் என்று குகன் சொல்லிவிட்டானாம். வேறென்ன சொல்வான்? மகளும் கணவனுக்குப் பரிந்து பேசி, இப்போது வீட்டில் யாரும் யாரோடும் பேசுவதில்லையாம். காரை இப்போதே எடுத்துக்கொண்டு போகப்போகிறார். மாதாவின் பேரில் சத்தியம் செய்து மாறியவர் கிள்ளானில் ஒருவர் இருக்கிறார் என்று பிரிக்பீல்ட்ஸில் தெரிந்தவர்கள் எல்லாரிடமும் சொல்லப்போகிறார்.

ரேமண்டின் தொழிலில் சரக்கு மற்றவர்களுடையது, இடம் வாடகைக்கு. அவருடையது என்று இருப்பது வாக்கு ஒன்றுதான். அதற்கு இப்படி ஒரு பள்ளம் விழும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. அவசரமாகக் கார்க் கதவைத் திறந்து, ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரைப் பார்க்கச் சொன்னார்.

இராமலிங்கம் பார்க்க மறுத்தார். "மீட்டரு சொல்றத மட்டும் நம்பாதீங்க சார்னு எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதான்."

அது உண்மை. முதல் நாளே பெருமையாகச் சொன்னது. ரேமண்ட் கதவை மெதுவாகச் சாத்தினார்.

புனிதா கணினியைத் திருப்பி, தான் எழுதியதையும் வரிசையாக வந்த தோல்விப் படங்களையும் காட்டினாள். பனியில் நின்ற கார், கோடாகிப்போன கார், இழுத்துப்போகப்படும் கார். இராமலிங்கம் மரியாதையாகப் பார்த்தார். தணிக்கையாளர்கள் வருகிறார்கள் என்று தெரிந்த பிறகு தயாரிக்கப்பட்ட கோப்புகளைத் தம் வாழ்நாளில் எவ்வளவோ பார்த்திருப்பதாகச் சொன்னார்.

இந்த நேரம் பார்த்து விமலன் வந்து சேர்ந்தார். கையில் கைப்பேசி, அதில் அதே படம். காரைச் சுற்றி வந்து, படத்தில் சும்மா பறக்கிறதே பாஸ், எந்த ஹைவே என்று கேட்டார். ரேமண்ட் வாயைத் திறந்தார். ஓடியது என்றால் சத்தியம் பொய். ஓடவில்லை என்றால் படம் பொய். இரண்டு பக்கமும் ஒவ்வொருவர் நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் வாயை மூடி, கழுத்திலிருந்த துண்டால் துடைத்துக்கொண்டார். பிறகு விமலனிடம் மெல்லச் சொன்னார்.

"படம் பொய்ங்க. வண்டி இங்கதான் நிக்குது. வந்த நாள்லருந்து நகரவே இல்ல."

விமலனின் முகம் சுருங்கியது. நகரவே இல்லையா, நகருமா என்று கேட்டார்.

இராமலிங்கத்துக்கு இந்த வாக்குமூலமும் போதவில்லை. பொய் என்று ஒப்புக்கொள்வது பெரிய பொய்யை மறைக்கும் சிறிய பொய்யாக இருக்கலாம். அவர் விமலனின் கைப்பேசியை வாங்கி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, குகனின் மீசையைத் திட்டவட்டமாக அடையாளம் காட்டும் பொருட்டுப் படத்தை இரண்டு விரலால் விரித்தார். விரல் வழுக்கியது. மீசைக்குப் பதிலாகக் கதவு பெரிதாகி வந்து நின்றது.

அவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு நிமிர்ந்து ரேமண்டைப் பார்த்தார். மறுபடி கைப்பேசியைப் பார்த்தார். மறுபடி ரேமண்ட்.

"இது யாரு?"

கருநீலக் கதவு கண்ணாடிபோல் பளபளத்தது. அதற்குள் தகரக் கூரை தெரிந்தது. கூரையின் கீழ் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்த ஒரு பெண். அவளுக்குப் பின்னால் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் கால்மேல் கால் போட்டு, பிளாஸ்டிக் பையில் கட்டிய தே தாரேக் தேநீரை உறிஞ்சிக்கொண்டு, கழுத்தில் துண்டோடு ரேமண்ட். சாலை புயலாகப் பறக்க, சக்கரம் சுழல, குகன்போன்ற ஒருவன் சிரித்துக்கொண்டே ஓட்ட, ரேமண்ட் அந்தக் கதவுக்குள் நிம்மதியாக உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

ஒரு மினுக்கத்தைக்கூட மாற்றாதே என்று எழுதிக் கொடுத்திருந்தார் அல்லவா? கம்ப்யூட்டர் மாற்றவில்லை.

புனிதா எட்டிப் பார்த்துச் சொன்னாள், நிஜமாக ஓடியிருந்தால் ரோட்டோர மரமும் கம்பமும் கதவின் மேலேயும் கோடாக ஓடியிருக்கும் என்று. இராமலிங்கம் கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். அவருக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. வாழ்நாளெல்லாம் தேடியும் கிடைக்காத ஒன்று, எந்த அதிகாரியாலும் ஜோடிக்க முடியாத சாட்சி, இப்போது அவர் உள்ளங்கையில் இருந்தது. குற்றவாளியே தேநீர் குடித்துக்கொண்டு சாட்சி சொல்கிறான். அவர் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, அன்று முதன்முறையாக உட்கார்ந்தார். அதே சிவப்பு நாற்காலியில்.

"குகன்கிட்ட நான்தான் பேசணும்," என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அந்த மீசை அவனோடதுதான்," என்று சேர்த்துக்கொண்டார்.

விமலனுக்கு இதெல்லாம் தேவையில்லை. கார் ஓடுமா ஓடாதா? இராமலிங்கம் எழுந்தார். நான் இருக்கும்போது ஓடலாம் என்பதுதானே நிபந்தனை, நானே ஓட்டுகிறேன், உண்மையான படத்தை எடுங்கள் என்றார். ஆகவே உச்சி வெயிலில் போர்ட் கிள்ளான் பக்கம் லோரிகள் குறைந்த ஒரு தொழிற்பேட்டைச் சாலையில் அந்த ஊர்வலம் நடந்தது. இடப்பக்கத் தடத்தில் இராமலிங்கம், மாட்டுவண்டியை மதிக்கும் வேகத்தில். வலப்பக்கத் தடத்தில் ரேமண்ட், அவருக்குப் பக்கத்தில் கண்ணாடியை இறக்கிக் கைப்பேசியை நீட்டிய புனிதா, பின்னால் சாட்சியாக விமலன். கார் பூனைபோல் ஓடியது. விமலன் காதைக் கூர்மையாக்கிக் கேட்டு, தலையாட்டிக்கொண்டார்.

திரும்பி வந்து படத்தைப் பார்த்தார்கள். சாலையின் ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. புல்லின் நுனி தெரிந்தது. சக்கரக் கம்பிகளை எண்ணலாம். நடுச்சாலையில் ஒரு கார் நின்றுபோயிருந்தது. உள்ளே ஒரு பெரியவர் உதவிக்கு யாராவது வருவார்களா என்று பார்ப்பதுபோல் கேமராவைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவு வெயிலில் கைப்பேசி ஷட்டரைச் சட்டென்று மூடிவிடும், ரோடு கலங்க நேரமே இருக்காது, போதாததற்கு சார் ஓட்டிய வேகம் வேறு என்று புனிதா சொல்லிப் பார்த்தாள்.

"நானே கண்ணால பார்த்தேன், ஓடுச்சு," என்றார் விமலன் தாடையைத் தடவிக்கொண்டு. "ஆனா இதுல பிரேக்டவுன் ஆன மாதிரிதான் அண்ணே இருக்கு."

அவர் காரை வாங்கிக்கொண்டார். உண்மைப் படத்தை அழித்துவிடச் சொன்னார், மனைவி பார்த்தால் வீட்டுக்குள் விடமாட்டாளாம். பொய்ப் படத்தை மட்டும் கேட்டு வாங்கினார். ஓட்டுநரின் மீசையை எடுத்துவிட்டுத் தன் முகத்தை வைக்க முடியுமா என்று புனிதாவிடம் இரகசியமாக விசாரித்தார். சாவியைக் கொடுத்த கையோடு இராமலிங்கம் பையிலிருந்த மீதிச் சுண்ணக்கட்டியை எடுத்து ரேமண்டின் உள்ளங்கையில் வைத்தார். அந்தத் துறையில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

இப்போது ரேமண்டின் விளம்பரங்கள் எல்லாமே ரோலிங் ஷாட்தான். கீழே 'கணினி ஓட்டிய படம், வண்டி கொட்டகையில் நிற்கிறது' என்று ஒரு வரி போடுகிறார். அதை யாரும் படிப்பதில்லை. ஆகவே கூடுதலாக ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார். கொட்டகைத் தரையில் நாற்காலியின் நான்கு கால்களுக்கும் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டிருக்கிறது. ஒவ்வொரு காரையும் அதற்கு நேராக நிறுத்தி, தாம் உட்கார்ந்து, தே தாரேக் வந்து சேர்ந்த பிறகுதான் படம் எடுக்க அனுமதிக்கிறார். வெள்ளை நிறக் காரில் அவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை என்பதால் வெள்ளைக் கார்களை எடுக்கத் தயங்குகிறார்.

பிரிக்பீல்ட்ஸில் இராமலிங்கம் ஒவ்வொரு காலையும் அந்தப் படங்களைத் திறந்து, கதவைப் பெரிதாக்கிப் பார்க்கிறார். ரேமண்ட் உள்ளே இருந்தால், இருக்கிறார் என்று மருமகன் குகனிடம் காட்டிவிட்டு மூடுகிறார். போன வாரம் ஒரு படத்தில் நாற்காலி மட்டும் இருந்தது, ஆளைக் காணோம். உடனே கிள்ளானுக்குத் தொலைபேசி போனது.

மறுமுனையில் ரேமண்ட் குனிந்து, நாற்காலிக் கால்கள் வட்டத்துக்குள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டார். பிறகு, அன்று தேநீர் வரத் தாமதமாயிற்று, எழுந்து போய்ப் பார்த்தேன் என்றார்.

இராமலிங்கம் அதை நம்பியதாகத் தெரியவில்லை.